யூரியூப் மணி: எந்தச் சனலுக்கு All, எந்தச் சனலுக்கு None

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டில் ஒரேயொரு தொலைபேசிதான். எல்லோரும் அதில்தான் யூரியூப் பார்க்கிறோம். நாற்பதுக்கு மேற்பட்ட சனல்களைப் பின்தொடர்கிறோம். காலையிலிருந்து இரவு வரை அறிவித்தல் வந்துகொண்டே இருக்கிறது. பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அன்றைக்கே மகளின் சாதாரண தரக் கணித நேரலை வகுப்பு தவறிப்போனது. மணியை அழுத்தினால் All, Personalized, None என்று மூன்று வருகின்றன. எதற்கு எதை வைப்பது? (முரசுமோட்டையிலிருந்து ஒரு தாய்)

பதில்:

தங்கச்சி, முதலில் நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். தொலைபேசியின் பொது அமைப்புக்குள் போய் யூரியூப் செயலியின் அறிவித்தல்களை அடியோடு அணைத்திருந்தால், அதற்குப் பிறகு எந்தச் சனலின் மணியை எப்படி மாற்றினாலும் பயன் இல்லை. குளத்து மதகைப் பூட்டிவிட்டு வயல் மடையைத் திறந்துவைப்பது போன்றதுதான் அது. ஆகவே Settings, அதற்குள் Apps, அதற்குள் YouTube, அதற்குள் Notifications என்று போய், அங்கே அணைத்ததை மறுபடி திறந்துவிடுங்கள். தொல்லையைக் குறைக்க வேண்டிய இடம் அது அல்ல.

சுருக்கமாகக் கேட்டால் என் பதில் இது: நாற்பது சனல்களில் இரண்டு அல்லது மூன்றுக்கு All, மற்ற அனைத்துக்கும் None. Personalized என்பதை, ஒரே தொலைபேசியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில், ஏறக்குறைய ஒன்றுக்கும் வைக்க வேண்டாம். பலரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். All என்றால் அதிகம், None என்றால் இழப்பு, Personalized என்றால் அளவானது என்று எண்ணி நடுவில் உள்ளதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் அதைத் தெரிவு செய்வதுகூட இல்லை. ஒரு சனலைப் பின்தொடரத் தொடங்கியதும் யூரியூப் தானாகவே Personalized என்று வைத்துக்கொள்கிறது. உங்கள் நாற்பதும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

Personalized என்றால் யூரியூப் ஊகிக்கிறது என்று பொருள் கொள்ளுங்கள். நீங்கள் இதுவரை எவற்றைப் பார்த்தீர்கள், அந்தச் சனலை எவ்வளவு அடிக்கடி பார்க்கிறீர்கள், அந்தக் காணொளி மற்றவர்களிடம் எவ்வளவு எடுபடுகிறது, வருகிற அறிவித்தல்களை நீங்கள் எவ்வளவுக்குத் திறக்கிறீர்கள் என்பவற்றையெல்லாம் வைத்து, இதை இவருக்குச் சொல்லலாம், அதைச் சொல்ல வேண்டாம் என்று அது முடிவு செய்கிறது. ஒரு தொலைபேசி, ஒரு கணக்கு, ஒரு மனிதர் என்றால் இந்த ஊகம் ஓரளவு சரியாக அமையும். உங்கள் வீட்டு நிலைமை வேறு. காலையில் கணவர் செய்தி பார்க்கிறார். பகலில் நீங்கள் சமையல் பார்க்கிறீர்கள். மாலையில் மகன் கிரிக்கெட் பார்க்கிறான். இரவில் மாமியார் கோயில் நேரலை பார்க்கிறார். நான்கு பேரின் பார்வையும் ஒரே வரலாற்றில் சேருகிறது. அந்த வரலாற்றிலிருந்து யூரியூப் வரைந்துகொள்ளும் மனிதர் உங்கள் வீட்டில் எவரும் இல்லை. அவருக்குப் பிடிக்கும் என்று அது அனுப்புகிற அறிவித்தல் நான்கு பேரில் மூவருக்குத் தொல்லையாகத்தான் இருக்கும்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. மகள் வாரத்தில் இரண்டு வகுப்புகள்தான் பார்க்கிறாள், செய்தியோ நாளுக்குப் பத்து முறை ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டுக்குக் கணிதச் சனலைவிடச் செய்திச் சனல்தான் முக்கியம் என்று யூரியூப் எண்ணுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. எனவே Personalized இல் இருக்கும் கணிதச் சனலின் நேரலை அறிவித்தல் வராமலே போகலாம். தேவையற்றது வருவதற்கும் தேவையானது வராததற்கும் காரணம் ஒன்றேதான்.

இனி None பற்றிய பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். None வைத்தால் சனலை விட்டு விலகியதாக ஆகாது. விலகுவதற்கு அதே பட்டியலின் அடியில் Unsubscribe என்று தனியாக ஒன்று இருக்கிறது; அவசரத்தில் அதை அழுத்திவிடாதீர்கள். None வைத்த சனல் போடுகிற காணொளிகள் Subscriptions பக்கத்தில் வழமை போலவே வந்து சேரும், புதியது மேலே, பழையது கீழே. உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாது, அவ்வளவுதான். இரவு வேலை முடிந்து ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்தால், அன்றைக்கு நாற்பது சனல்களும் போட்டது கண்முன் இருக்கும். விவசாயச் சனலில் காலபோக நெல்லுக்கு எப்போது பசளை இடுவது என்று யாரோ சொல்கிறார் என்றால், அதை மத்தியானம் 2 மணிக்கே கேட்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

மணி வடிவத்தைப் பார்த்தே எது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மணியின் இருபுறமும் அதிர்வது போலக் கோடுகள் இருந்தால் All. வெறும் மணி என்றால் Personalized. மணிக்குக் குறுக்கே கோடு விழுந்திருந்தால் None.

நாற்பது சனல்களுக்கும் தனித்தனியே போக வேண்டியதில்லை. செயலியின் கீழ்வரிசையில் உள்ள Subscriptions ஐத் திறந்தால், மேலே சனல்களின் வட்டப் படங்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையின் வலது ஓரத்தில் All என்று எழுதியிருக்கும். (மணியின் All உடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது எல்லாச் சனல்களையும் காட்டு என்பதற்கு.) அதை அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மணி இருக்கும். சில பதிப்புகளில் Manage என்பதை அழுத்திய பிறகே மணி தோன்றும். யாரிடமாவது கணினி இருந்தால் youtube.com/feed/channels என்று தட்டுங்கள், அதே பட்டியல் பெரிதாக வரும். மாற்றம் கணக்கோடு சேர்ந்தது என்பதால் கணினியில் செய்தாலும் தொலைபேசிக்கு வந்துவிடும். அதே காரணத்தால் ஒன்றைச் சரிபாருங்கள்: மகள் தன் கணக்கில் சனலைப் பின்தொடர்ந்து மணியை வைத்துவிட்டு, செயலி உங்கள் கணக்கில் திறந்திருந்தால் வகுப்புக்கு அழைப்பு வராது.

பட்டியலில் மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் None ஆக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்தால் பத்தாவது சனலோடு களைத்துவிடுவீர்கள். சிறுவர் பாட்டுச் சனல்கள் சிலவற்றில் மணி மாறாது. சிறுவருக்கானவை என்று குறிக்கப்பட்ட சனல்களுக்கு 2020 முதல் யூரியூப் மணியைக் கொடுப்பதில்லை, அவை ஏற்கெனவே None தான். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து, உரிய நேரத்தில் தெரியாவிட்டால் பயனற்றுப்போகிற சனல் எது என்று மட்டும் பாருங்கள். உங்கள் பட்டியலில் கணித ஆசிரியருடையது நிச்சயமாக அப்படிப்பட்டது. விஞ்ஞான வகுப்பும் நேரலையாக நடந்தால் அதுவும். அவற்றுக்கு All.

கோயில் சனலுக்கு நிரந்தரமாக All வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலை மாமியார் நேரலையில் பார்க்க விரும்பினால், அந்த நேரலையை முன்கூட்டியே அறிவித்திருக்கும் பக்கத்தில் Notify me என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அந்த ஒன்றுக்கு மட்டும் நினைவூட்டல் வரும், சனலின் மணி None ஆகவே இருக்கலாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு நிகழ்வுக்காக ஆண்டு முழுவதும் தினப்பூசை அறிவித்தல்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும் மறுநாள் அறிவித்தல் வந்தால் என்னைத் திட்டாதீர்கள். வந்ததை வாசித்துப் பாருங்கள். Recommended என்று தொடங்கினால் அது மணியின் வழியாக வந்தது அல்ல. நீங்கள் பின்தொடராத சனல்களிலிருந்தும், இதுவும் உங்களுக்குப் பிடிக்கும் என்று யூரியூப் அனுப்புகிற பரிந்துரை அது. எந்தச் சனலின் மணியை மாற்றினாலும் அது நிற்காது. கடைக்கு வந்து, மணியை எல்லாம் அணைத்தும் தொல்லை ஓயவில்லை என்று தொலைபேசியை நீட்டுகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். செயலியில் உங்கள் படம் உள்ள You என்ற பக்கத்துக்குப் போய், மேலே பற்சக்கரத்தை அழுத்தி, Notifications ஐத் திறவுங்கள். அங்கே Recommended videos என்பதை அணையுங்கள். அதே இடத்தில் Subscriptions என்று இன்னொன்று இருக்கும், அதை மட்டும் தொடவேண்டாம். மகளின் வகுப்பு அழைப்பு வருகிற வழி அதுதான்.

அந்தப் பக்கத்தில் இருக்கிற வேறு இரண்டு வசதிகள் பார்க்க நல்லவையாகத் தோன்றும், ஆனால் உங்கள் வீட்டுக்கு அவை ஆபத்தானவை. ஒன்று Scheduled digest. நாளெல்லாம் வருகிற அறிவித்தல்களைக் கட்டிவைத்து, நீங்கள் குறித்த ஒரு நேரத்தில் மொத்தமாகத் தரும். நேரலை வகுப்பு எதுவும் இல்லாத வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உங்களுக்கு வேண்டாம். மாலை 4 மணி வகுப்பின் அழைப்பு இரவு 7 மணிக் கட்டில் வந்து என்ன செய்ய? மற்றது Disable sounds & vibrations. குறித்த நேரத்துக்குள் அறிவித்தல் வரும், ஆனால் ஒலியோ அதிர்வோ இராது. பல தொலைபேசிகளில் அது இரவு 10 முதல் காலை 8 வரை என்று இருக்கும். பரீட்சை நெருங்கும்போது ஆசிரியர்கள் விடிகாலை 5 மணிக்கும் வகுப்பு வைக்கிறார்கள். அப்படியானால் முடிவு நேரத்தைக் காலை 4.30 ஆக மாற்றுங்கள், அல்லது அதை அணைத்துவிடுங்கள்.

இனி All பற்றி ஓர் எச்சரிக்கை. All என்றால் ஒன்றுவிடாமல் வரும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு சனலுக்கு 24 மணி நேரத்தில் புதிய காணொளி, நேரலை அறிவித்தல்கள் என்று மூன்றுக்கு மேல் யூரியூப் அனுப்பாது. கணித ஆசிரியர் காலையில் கடந்த கால வினாத்தாள் விடைகளை நான்கு துண்டுகளாகப் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றுக்கும் மணி அடித்துவிட்டது. நான்காவதுக்கு அடிக்காது. மாலையில் அவர் நேரலை தொடங்கும்போதும் அடிக்காது. உங்கள் தொலைபேசியில் பிழை எதுவும் இராது, மணியும் All இல்தான் இருக்கும். காரணம் தெரியாமல் தொலைபேசியைத்தான் குற்றம் சொல்வோம்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வகுப்பு தவறிய நாளில் அந்தச் சனலின் பக்கத்தைத் திறந்து, முந்தைய 24 மணி நேரத்தில் எத்தனை காணொளிகள் வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஆசிரியரிடம் மரியாதையாக ஒரு சொல் சொல்லிவையுங்கள். காணொளியைப் பதிவேற்றும்போது, பின்தொடர்பவர்களுக்கு அறிவிக்க வேண்டுமா என்ற தெரிவை அவரால் எடுத்துவிட முடியும். விடைத் துண்டுகளுக்கு அதை எடுத்துவிட்டு நேரலைக்கு மட்டும் விட்டால் மாணவர் எல்லோருக்கும் அழைப்பு போகும்.

மூன்றுக்குக் குறைவாக இருந்தும் மணி அடிக்கவில்லை என்றால் வகுப்பை அவர் எப்படி நடத்துகிறார் என்று விசாரியுங்கள். பணம் கட்டிய மாணவருக்கு மட்டும் என்று சில ஆசிரியர்கள் நேரலையைப் பொதுவில் விடாமல் Unlisted ஆக வைத்து, இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அப்படியான நேரலைக்கு எந்த மணியும் அடிக்காது, சனலின் பக்கத்திலும் அது தோன்றாது. அங்கே நீங்கள் காதுகொடுக்க வேண்டியது வட்ஸ்அப் குழுவுக்கு. குழுவை ஒலியடக்கி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் தொலைபேசியைப் பாருங்கள். பற்றரி சேமிப்பு முறை சில தொலைபேசிகளில் பின்னணியில் இருக்கும் செயலியை உறங்கவைத்துவிடும். யூரியூப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கலாம். டேட்டாவைச் சேமிக்கவென்று மொபைல் டேட்டாவை அணைத்துவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கும் பழக்கமும் இங்கே பலருக்கு உண்டு. டேட்டா அணைந்திருக்கையில் அறிவித்தல் வராது. திறந்த பிறகுதான் வந்து சேரும், அப்போது வகுப்பு பாதி முடிந்திருக்கும். வயல் பக்கம் சிக்னல் மெலிந்த இடத்திலும் இதே கதைதான். அறிவித்தல் தானாகத் தின்னும் டேட்டா மிகச் சிறிது. அதைத் தொட்டுக் காணொளியைத் திறக்கும்போதுதான் டேட்டா கரைகிறது. வகுப்பு நாளில் அரை மணி முன்னதாக டேட்டாவைத் திறந்துவிட்டால் போதும்.

செய்திச் சனல்கள் மிச்சம் இருக்கின்றன. நீங்கள் முரசுமோட்டை என்று எழுதியிருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். மாரி காலத்தில் இரணைமடுவின் வான்கதவு திறப்பதை உடனே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக உங்கள் பக்கத்தில் பலர் மூன்று நான்கு செய்திச் சனல்களுக்கு All வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தில் குறை இல்லை, கருவிதான் பொருந்தவில்லை. செய்திச் சனல் ஒன்று நாளுக்கு இருபது காணொளிகள் போடுகிறது. காலை 9 மணிக்குள் ஓர் அரசியல் பேச்சு, ஒரு விபத்து, ஒரு திருவிழா என்று அதன் மூன்று அறிவித்தல்களும் முடிந்துவிடும். பிற்பகலில் வான்கதவு திறந்தால் அந்தச் செய்தி பதினேழாவது காணொளியாக வரும். உங்கள் மணி அடிக்காது. அதிகம் பதிவிடும் சனலுக்குத்தான் All மிகக் குறைவாகப் பயன்படுகிறது என்பது விசித்திரம், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. மேலும், யாரோ படம் பிடித்து, தொகுத்து, பதிவேற்றி, அறிவித்தல் உங்களிடம் வந்து சேர்வதற்குள் கண்டாவளைப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறியிருக்கலாம். வெள்ளத்துக்குக் கிராம அலுவலரின் இலக்கத்தை வைத்திருங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ வைத்திருங்கள், வானொலியைக் கேளுங்கள். செய்திச் சனல்கள் எல்லாவற்றையும் தயங்காமல் None ஆக்கலாம்.

Personalized ஐ முற்றாக ஒதுக்கச் சொன்னேனா? ஒன்றிரண்டுக்கு விடலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் மாதத்தில் ஓரிரு காணொளிகள் போடுகிறார், வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் பாதகம் இல்லை என்றால் அது Personalized இல் கிடக்கட்டும். மாதத்துக்கு இரண்டு தடவை மணி அடித்து ஒருவரும் களைத்துப்போவதில்லை.

பட்டியலை மாற்றிய பிறகு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். அந்த வாரத்தில் வருகிற ஒவ்வொரு அறிவித்தலுக்கும் முன்னால் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சனல் என்று மட்டும் பாருங்கள். None வைத்த சனலின் பெயரில் புதிய காணொளி அறிவித்தல் வந்தால் அந்த ஒன்றின் மணி மாறாமல் விட்டுப்போயிருக்கிறது. செயலியின் மேலே உள்ள மணிச் சின்னத்தைத் திறந்து, அந்த அறிவித்தலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால், அங்கிருந்தே அந்தச் சனலின் அறிவித்தல்களை நிறுத்திவிடலாம். இனிமேல் வீட்டில் யாராவது புதிய சனல் ஒன்றைப் பின்தொடர்ந்தால் அது மறுபடியும் Personalized ஆகத்தான் சேரும். மகனிடம் சொல்லிவையுங்கள்: Subscribe ஐ அழுத்திய கையோடு மணியையும் அழுத்தி None ஆக்கிவிட வேண்டும்.